இருபத்தெட்டாம் வரியிலிருந்து

அந்தப் பள்ளியில் அகமதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றுவதற்கென்று ஒரு முறை இருந்தது. பாட ஆசிரியர் வாசிப்பார், கிளார்க்கம்மா தட்டுவார். பெயரையெல்லாம் வாசிக்க மாட்டார்கள், அதற்கு யாருக்கு நேரம்? "பதினெட்டு, பதினாறு, பத்தொன்பது" என்று ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கிளார்க்கம்மா நிரப்பிக்கொண்டே வருவார். முடிந்ததும் எண்ணிப் பார்ப்பார்கள். பதிவேட்டில் நாற்பத்திரண்டு, திரையிலும் நாற்பத்திரண்டு. அதோடு நிம்மதியாக எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். பல வருடமாக இப்படித்தான், ஒரு குறையும் வந்ததில்லை. வந்திருந்தாலும் யாருக்குத் தெரியும்?

மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் விதி உண்டு. அதற்கும் நம்மவர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். ஹால் டிக்கெட் கொடுக்கிற அன்றே, பெயர் மட்டும் அச்சடித்த தாளில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மதிப்பெண் கட்டம் காலியாக இருக்கும். படிப்பு விடுமுறையில் பிள்ளைகளை மறுபடி வரவழைக்கிற தலைவலி மிச்சம். ஆக, வாங்காத மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டதாக நாற்பத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்தாயிற்று.

இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தோ என்னவோ, வாரியம் இன்னொரு வழியும் வைத்திருந்தது. இறுதி முடிவு வருவதற்கு முன் மூன்று நாள் தளத்தில் ஒரு பக்கம் திறந்திருக்கும். தேர்வு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் அவரவர் அகமதிப்பீடு தெரியும். தவறு இருந்தால் பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும், பள்ளிதான் திருத்த வேண்டும். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணியோடு சரி. அதற்குப் பிறகு அந்த எண் அப்படியே மதிப்பெண் பட்டியலுக்குப் போய்விடும். அழுதாலும் புரண்டாலும் மாறாது. இதைச் சொல்லும் சுற்றறிக்கை அறிவிப்புப் பலகையில்தான் இருந்தது, பேருந்து நேரம் எழுதிய தாளுக்குப் பின்னால்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்கு அந்தப் பெண் அலுவலக வாசலில் வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு, சுருட்டை முடி. சுருட்டை என்றுதான் வகுப்பே கூப்பிடும். கையில் நான்காக மடித்த தாள்.

"உள்ள வாம்மா. என்ன?"

"கெமிஸ்ட்ரி இன்டர்னல்ல எனக்கு ஆப்சென்ட்னு காட்டுது, ஆன்ட்டி. நான் எல்லாத்துக்கும் வந்தேன். ரெக்கார்டு நோட்டும் வச்சேன். சார் பதினெட்டுன்னு சொன்னாங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அகமதிப்பீட்டில் ஆப்சென்ட் என்றால் சும்மா இல்லை. எழுத்துத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அந்தப் பாடத்தில் தேர்ச்சி கிடையாது. அடுத்த வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்முறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்த பெண் அவள்.

"அழாத. எங்கயோ கை தவறி அடிச்சிருப்பேன். அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்று அவளை உட்காரவைத்துவிட்டு, கிளார்க்கம்மா பீரோவிலிருந்து வேதியியல் பதிவேட்டை எடுத்தார். ஒரு கட்டம்தானே, ஐந்து நிமிட வேலை என்று நினைத்தார்.

பதிவேட்டில் சுருட்டைக்குப் பதினெட்டு. திரையில் ஆப்சென்ட். அவளுக்கு மேலே இருந்தவனைப் பார்த்தார். பதிவேட்டில் பன்னிரண்டு, திரையில் பதினெட்டு. அதற்கும் மேலே பார்த்தார். அங்கேயும் தப்பு. விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஏறியவர், இருபத்தெட்டாம் வரியில் வந்து நின்றார்.

வருட நடுவில் வேறு பள்ளியிலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்திருந்தாள். பதிவேட்டில் அவள் பெயரைக் கடைசியில், நாற்பத்திரண்டாவதாக எழுதி வைத்திருந்தார் வேதியியல் சார். வாரியமோ அவளை அகரவரிசைப்படி இருபத்தெட்டாம் இடத்தில் உட்காரவைத்திருந்தது. சார் பதிவேட்டு வரிசையில் வாசித்தார், இவர் திரை வரிசையில் தட்டினார். இருபத்தெட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் அடுத்தவரின் மதிப்பெண். கடைசிப் பையனுக்குப் புதிய மாணவியுடையது. எண்ணிக்கை மட்டும் அச்சாகப் பொருந்திவிட்டது. பதினைந்து பேருடைய மதிப்பெண் இடம் மாறியிருந்தது. கூடக் கிடைத்தவர்கள் கமுக்கமாக இருந்துவிட்டார்கள், ஒன்றிரண்டு குறைந்தவர்கள் நம் யோக்கியதை இவ்வளவுதான் என்று விட்டிருப்பார்கள்.

அப்படியானால் சுருட்டைக்கு வந்த ஆப்சென்ட் யாருடையது? அடுத்த வரியில் இருப்பவனுடையது. முப்பத்தாறு.

முப்பத்தாறு கிளார்க்கம்மாவின் மகன்.

முந்தாநாள் காலையில்தான் அவன் போனை நீட்டி, "பாரும்மா, கெமிஸ்ட்ரி பத்தொன்பது" என்று காட்டினான். அப்பா இல்லாத பிள்ளை, ஒற்றை ஆளாக வளர்த்தது வீண் போகவில்லை என்று பூரித்துப்போனார். தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் கேட்காமலேயே சொன்னார். அந்தப் பத்தொன்பதைத் தட்டிய விரல் தன்னுடையதுதான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்'. பக்கத்திலேயே சாரின் கிறுக்கல்: செய்முறைக்கு வரவில்லை, ரெக்கார்டு வைக்கவில்லை.

சாருக்குப் போன் போட்டார். அவர் வேறொரு பள்ளியில் தேர்வுப் பணியில் இருந்தார். "நான் சரியாத்தானே வாசிச்சேன். நீங்கதானே அடிச்சீங்க" என்றார் முதலில். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க பையன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேங்க. அம்மாகிட்ட நானே சொல்லிடுறேன் சார்னு கெஞ்சினான். சொல்லியிருப்பான்னு விட்டுட்டேன்" என்றார்.

"இப்ப ரெக்கார்டு வச்சா ஏதாவது?"

"செய்முறை தேதி முடிஞ்சு மாசமாச்சுங்களே. நான் எதை வச்சு மார்க் போடுறது?"

கிளார்க்கம்மா சுருட்டையை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டு மகனைக் கூப்பிட்டார்.

"செய்முறை அன்னைக்கு நீ எங்கடா போன?"

"ரெக்கார்டு எழுதலம்மா. வெறுங்கையோட போனா சார் எல்லார் முன்னாடியும் திட்டுவார். பார்க்ல போய் உட்கார்ந்துட்டேன்."

"அப்போ அந்தப் பத்தொன்பது?"

"எனக்கும் எப்படி வந்துச்சுன்னு தெரியல. வந்துச்சு, விட்டுட்டேன்." அழுகிறான் என்று தெரிந்தது. "அம்மா, அதை மாத்தாதம்மா. ஒரு வருஷம் போயிடும்மா. மத்தவங்களுக்கெல்லாம் சரி பண்ணிக்குடு, என்னோடத மட்டும் விட்டுடு. யாரு பார்க்கப்போறா?"

யாரும் பார்க்கப்போவதில்லை, அதுதான் உண்மை. திருத்தத்துக்குத் தலைமையாசிரியர் ஒப்புதல் தர வேண்டும். அதற்கான ஓ.டி.பி. எண் அவர் போனுக்குத்தான் வரும்; ஒரு தடவை கொடுத்தால் வகுப்புப் பட்டியல் முழுவதும் திருத்தத்துக்குத் திறந்துகொள்ளும். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "பதினஞ்சு பேரா? மானம் போகும்மா. கேட்டு வந்த பிள்ளைக்கு மட்டும் மாத்திட்டு விடுங்க" என்றார். எண்ணை வாசித்துவிட்டுப் போனை வைத்தார். பதிவேட்டுப் பக்கத்தை நகலெடுத்து இணைக்க வேண்டும், ஆனால் வாரியத்தில் எவரும் அதை வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டு உட்காரப்போவதில்லை. மகன் கேட்டது நடக்கக்கூடிய காரியம்தான். அதனால் எவருடைய மதிப்பெண்ணும் பறிபோகாது. முப்பத்தேழுக்கு உரிய பத்தொன்பது அதற்குக் கிடைத்துவிடும், முப்பத்தாறுக்கும் பத்தொன்பது. யாருக்கு நஷ்டம்?

நாலு மணி ஆயிற்று. கிளார்க்கம்மா ஸ்கேல் ஒன்றைப் பதிவேட்டில் வைத்து, இந்தத் தடவை பெயரை வாய்விட்டுப் படித்து, தேர்வு எண்ணையும் பார்த்துத் திருத்தத் தொடங்கினார். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டது தளம். 'வரிசை மாறிப் பதிவானது' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினார். முப்பத்தைந்துக்குப் பதினெட்டு. முப்பத்தாறைத் தாண்டிப் போனார். முப்பத்தேழிலிருந்து நாற்பத்திரண்டு வரை முடித்தார்.

முப்பத்தாறு அப்படியே இருந்தது. அவன் பிறந்தபோது பார்த்ததைவிட நன்றாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மனம் இருக்கிறதே, அது சாட்சி சொல்லவும் வரும், பொய் சொல்லவும் வரும். வராந்தாவில் அந்தப் பெண் தும்மினாள். நாலேமுக்காலுக்குக் கிளார்க்கம்மா பத்தொன்பதை அழித்தார். ஆப்சென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தார். காரணம்: வரிசை மாறிப் பதிவானது. சமர்ப்பித்தார். திரையில் 'பதிவாகிவிட்டது' என்று வந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் அழுகை வந்தது. பெற்ற பிள்ளையின் வருடத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று அழுதார். வீட்டுக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அம்மாவுக்கு வேறு வழி இல்லையடா என்று சொல்ல வேண்டும், அடுத்த வருடம் கூடவே உட்கார்ந்து ரெக்கார்டு எழுதவைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். பட்டியலை அச்செடுத்து, சுருட்டையை உள்ளே கூப்பிட்டார்.

"உன் பேருக்கு நேரா பாரு. பார்த்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."

அவள் இரண்டு தடவை பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். முகம் அப்போதுதான் தெளிந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. முடியாதுன்னு போர்டுல சொன்ன பிறகும் எனக்காக மறுபடி கேட்டிருக்கீங்க."

"யாரு முடியாதுன்னது?"

"முந்தாநாள் உங்க பையன்தான் சொன்னான், ஆன்ட்டி. பேஜைப் பார்த்ததும் அவனுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன், அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுடான்னு. சாயங்காலம் கூப்பிட்டு, அம்மா கேட்டாங்க, போர்டுல முடியாதுன்னுட்டாங்களாம், ஸ்கூலுக்கு வந்து அலையாதன்னான். ரெண்டு நாளா வீட்ல ஒரே அழுகை. அப்பாதான் எதுக்கும் நேர்ல போய்க் கேளுன்னு அனுப்புனாங்க." அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். "அவன்கிட்டயும் தேங்க்ஸ் சொல்லிடுங்க ஆன்ட்டி."

அவள் போய் வெகு நேரம் கிளார்க்கம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. ஐந்து அடித்துத் தளம் மூடிக்கொண்டது. போன் அடித்தது. மகன்தான்.

"மாத்திட்டியாம்மா?"

"மாத்திட்டேன்" என்றார். "சுருட்டை உனக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னா."

அவன் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.