கோடு போட்ட ஐசி நம்பர்

ஜெயாவுக்குக் கண் இரண்டும் எரிந்தன. காஜா பெராங் கூட்டுறவுச் சங்க ஆபீஸில் காலையிலிருந்து ஒரே வீடியோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சுதந்திர தின விடுமுறை முடிந்தால் கவுண்டரை மூடிவிடுவார்கள். கல்வி உதவிக்கு இனி உறுப்பினர்களே போனில் விண்ணப்பிக்க வேண்டுமாம். அதற்கான செய்முறையைத் திரையில் பதிவு செய்து பேசியவர் சங்கத்தின் பழைய கிளார்க் நல்லையா. மறுநாளே தொண்டையில் ஆபரேஷன். இனிக் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனுஷன் பதற்றத்தில் என்ன பாடு படுத்தியிருக்கிறார்! திரையில் மவுஸ் சுட்டி ஈயாட்டம் சுற்றுகிறது. மேலே அவர் மகளின் வாட்ஸ்அப் செய்தி வேறு எட்டிப் பார்க்கிறது.

"ஒரு தப்பும் தெரியக்கூடாது ஜெயா," என்றார் மேனேஜர் சேதுராமன். "தெரிஞ்சா மெஷின் குரல்ல மாத்திருவோம். எனக்கும் மனசு கேக்கல. என்ன செய்ய?"

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜெயாவால் அந்தக் குரலை விட முடியவில்லை. திரையின் மேல்பகுதியை வெட்டி வாட்ஸ்அப்பை ஒழித்தாள். அவர் பட்டனை அழுத்துவதற்குச் சற்று முன்பே அந்த இடத்தைப் பெரிதாக்கி, அழுத்தியதும் முழுப் பக்கத்துக்குத் திரும்பினாள். இருமலையெல்லாம் நறுக்கினாள். அடையாள அட்டையின் ஐசி நம்பரை அவர் நடுநடுவே கோடு போட்டு டைப் அடித்து, சிவப்பில் எச்சரிக்கை வந்து, அழித்துத் திரும்ப அடித்த இடமும் போயிற்று. காலிக் கட்டத்தில் நம்பர் திடீரென்று குதிக்காமலிருக்க, சரியாக அடித்ததை மட்டும் விட்டுவைத்தாள்.

கவுண்டருக்கு வந்திருந்த பழைய லாரி டிரைவர் மருதமுத்துவிடம் வீடியோவைக் காட்டி, அவர் போனிலேயே செய்யச் சொன்னார்கள். மடமடவென்று போனவர் ஐசி நம்பரில் நின்றுவிட்டார்.

"செவப்பா என்னமோ வருதே. என் நம்பரு சரிதானே மேடம்?"

ஐசி அட்டையில் இருப்பதுபோலவே கோடு போட்டிருந்தார். பிறகு எப்படி அடிப்பார்? ஜெயாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டரில் வீடியோவை வெட்டிய இடத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். மறைந்திருந்த துண்டு திரும்ப வந்தது. அந்தச் சிவப்பு எழுத்தைப் பெரிதாக்கி, படிக்க முடிகிற அளவுக்கு நிறுத்திவைத்தாள்.

சேதுராமன் முகம் சுளித்தார். "தப்பு அப்படியே இருக்கே?"

"இதத்தான் எல்லாரும் செய்வாங்க சார். ஒரு தடவை பாருங்க."

மருதமுத்து மறுபடி பார்த்தார். நல்லையாவின் கரகரத்த குரல் வந்தது. "அடடா, கோடு போட்டுட்டேன் பாருங்க. கோடு வேணாம், நம்பர் மட்டும் போதும்."

"நானுந்தான்யா," என்று போனைப் பார்த்துச் சிரித்தார் மருதமுத்து. அழித்து அடித்தார். விண்ணப்பம் போய்விட்டது.

சேதுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கட்டும் ஜெயா. இந்தக் குரலே இருக்கட்டும்."

ஜெயா நாற்காலியில் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வலித்தது.

"தன்மையா சொல்றாரு," என்று எழுந்தார் மருதமுத்து. "அடுத்த பாடத்தையும் இவரையே பேசச் சொல்லுங்க மேடம்."

இனிமேல் அவர் பேசமாட்டார் என்று சொல்ல ஜெயாவுக்கு வாய் வரவில்லை.