கண்டக்டர் விரல்

என் மாமனார் தொம்மை அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, விரல் ஓயவில்லை. எந்தக் காகிதத்தைக் கண்டாலும் கட்டைவிரலை நாக்கில் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். கல்யாணப் பத்திரிகை, பைபிள், கரண்ட் பில், எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. வேறு கடையாக இருந்தால் நானும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நான் நடத்துவது போட்டோ ஸ்டூடியோ.

பிரிண்டரிலிருந்து வரும் படத்தின் மை காய நேரம் கொடுக்க வேண்டும். காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கலங்கும். ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் கூடமாட உதவிக்கு நிற்கும் மாமா நடுவில் பிடிப்பார், அதுவும் எச்சில் விரலால். ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் போட்டோவில் மூக்கு காணாமல் போனது. சர்ச்சில் புதுநன்மை வாங்கிய ஒரு சிறுமியின் படத்தில் வெள்ளைக் கவுனின் மேல் இவருடைய ரேகை அப்படியே பதிந்தது. ஒவ்வொரு தடவையும் பழியைப் பிரிண்டர் மேல் போட்டு, புதிதாக எடுத்துக் கொடுப்பேன். கடை அவர் ஓய்வுப் பணத்தில் வைத்தது. என் புருஷன் அருண், "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லிடாத ஆஷ்லின், மனசு ஒடைஞ்சிடுவாரு" என்று முதலிலேயே வாயைக் கட்டிவிட்டார். என் மனசைப் பற்றி யாரும் பேசவில்லை.

இந்த நிலையில் விழுப்புரத்தில் ஓய்வு பெற்ற கண்டக்டர்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தது. குழுப்படம் எடுக்கும் வேலையை மாமாவே எனக்கு வாங்கிக் கொடுத்தார். முன்வரிசையில், படத்தின் வலது கோடி நாற்காலியில், புதுச் சட்டையோடு அவரும் உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு பிரதி.

"சங்கத்துக்காரனுங்க எதிர்ல என் மானத்தை வாங்கிடாதம்மா. எல்லாரு மூஞ்சியும் பளிச்சுன்னு இருக்கணும்" என்றார்.

வழக்கமாக வாங்கும் பேப்பர் கிடைக்காததால் வேறொன்று வாங்கி வந்தேன். பின்பக்கத்தில் பெயரோ முத்திரையோ இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மினுமினுத்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் கைதவறிக் கொட்டிவிட்டது. மாமா உதவிக்கு வந்து, முன்னும் பின்னுமாக அழகாக அடுக்கிக் கொடுத்தார். முதல் தாளிலேயே மை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்று வழிந்தது. தப்பான பக்கம்.

டம்ளர் தண்ணீரில் விரல்நுனியை லேசாக நனைத்து, உதறிவிட்டு, ஒவ்வொரு தாளின் மூலையையும் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டினால் அது மை பிடிக்கும் பக்கம், வழுக்கினால் பின்பக்கம். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பி, மை பிடிக்கும் பக்கம் என்னைப் பார்க்க, பிரிண்டரின் பின்தட்டில் வைத்தேன்.

மாமா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீயும் ஈரம் பண்ணிக்கினுதானே தொடுற? நான் தொட்டா மட்டும் மூஞ்சைத் தூக்கிக்கிற!"

"இது வெறும் பேப்பரு மாமா. மூலைல மட்டுந்தான் தொடுறேன். அந்த ஓரத்தை அப்பறம் வெட்டிடுவேன்."

நியாயம் கேட்டவருக்கு விளக்கம் கிடைத்தால் கோபம்தான் வரும். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எச்சில் தொட்டுத் தொட்டுத் தினசரியைப் புரட்டினார். நான் நிம்மதியாகப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் மேஜை முழுக்கப் பரப்பிக் காயவிட்டு, ஓரங்களை வெட்டினேன். ஒரு முகத்தில்கூடக் கறை இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

படங்களுக்கு இடையில் வைக்க வெள்ளைத்தாள் எடுக்க உள்ளே போன நேரத்தில், சங்கச் செயலாளர் கிருஷ்ணசாமி விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்தார். அவரும் கண்டக்டர்தான். நான் திரும்பி வருவதற்குள் படங்களை வாரி ஒரே கட்டாக அடுக்கிவிட்டிருந்தார். கட்டைவிரல் நாக்குக்குப் போனது.

"ஐயா, வேணாங்க!" என்று கத்தினேன்.

"சங்கத்து சாமானை எண்ணாம வாங்கக் கூடாதும்மா" என்று, டிக்கெட் கட்டைப் புரட்டுவது போல வலது ஓரத்தில் விரலை அழுத்தி, ஒன்று விடாமல் எண்ணி முடித்தார்.

சத்தம் கேட்டு உள்ளே வந்து, மேலே இருந்த படத்தை வாங்கிப் பார்த்தார் மாமா. எல்லோரும் பளிச்சென்று இருந்தார்கள். வலது கோடியில் புதுச் சட்டை இருந்தது. அதற்கு மேல் ஒரு கலங்கல். அடுத்ததை உருவினார். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"யோவ் கிருஷ்ணசாமி! போட்டோவை இப்டியாய்யா புடிப்பாங்க? எச்சி வெரலை வெச்சி என் மூஞ்சியவே தொடைச்சிக்கினு கீறியே! ஓரத்துல புடிக்கணும்னு அறிவு வேணாம்?"

நான் தொண்டையில் அடக்கி வைத்திருந்தது அத்தனையும், ஒரு வார்த்தை குறையாமல், அவர் வாயிலிருந்தே வந்தது. ஆனந்தமாக இருந்தது, அந்த நேரத்தில் அதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

கிருஷ்ணசாமி அசரவில்லை. "நம்ம எல்லாருக்கும் ஒரே பழக்கந்தானய்யா. நீ மட்டும் எப்டிப் புடிக்கிற?"

மாமா தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்பத்திலருந்தும்மா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன்.

"கடை தொறந்த அன்னிலருந்து, மாமா."