காலர் தைப்பவளின் மூன்று பக்கப் புகார்

காலர் தைப்பவள் எழுதிவந்த புகார் மூன்று பக்கம். தொழிற்சங்கச் செயலாளர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். அதில் தையல் ஆலை சூபர்வைசர் பதினோரு இடத்தில் அரக்கனாக இருந்தான். என்ன செய்தான் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

"முதல் புகாரை லேபர் ஆபீஸ்ல திருப்பிட்டாங்க. இதுவும் திரும்பும்மா."

திரும்பினால் அவள்தான் மறுபடி எல்லார் முன்னாலும் ஸ்டூலில் ஏறி நிற்க வேண்டும். சூபர்வைசர் சொல்லியே வைத்திருந்தான்.

"அப்ப அவன் நல்லவனா சார்?"

"அதை அவங்க முடிவு பண்ணட்டும். அவன் என்ன பண்ணினான்?"

"அவமானப்படுத்தினான்."

"எப்படி?"

"ரொம்ப."

செயலாளர் கூரையைப் பார்த்தார். ஆலையில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் பட்டன் தைக்கும் அண்ணி, துணைக்கு வந்தவள், பெருமூச்சு விட்டாள். "வீட்லயும் இப்படித்தான் சார். உப்பு எங்கன்னா, இருக்கற இடத்துலம்பா."

"ஸ்டூல்ல நிக்க வெச்சானாமே, எவ்வளவு நேரம் நின்னே?" என்றார் செயலாளர்.

"ஒரு யுகம்."

அவள் காலில் வேர் விட்டதாகவும், தரை துடைக்க வந்தவள் செடியென்று நினைத்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் போனதாகவும் தெருவில் பேச்சு. அவளும் அதை மறுக்கவில்லை. செயலாளருக்கு வேர் உதவவில்லை.

"யுகத்துக்கு அவங்க ஃபாரத்துல கட்டம் கிடையாது. நிமிஷம் சொல்லு."

"நாற்பது," என்றாள் அண்ணி. "மணிக்கு மணி யார் எத்தனை பீஸ் தைச்சாங்கன்னு ரெஜிஸ்டர்ல அவனே எழுதுவான் சார். இவளுக்கு எப்பவும் அறுபது. செவ்வாய்க்கிழமை பத்துலேர்ந்து பதினொன்னுக்கு இருபது."

செயலாளர் முதன்முறையாகப் பேனாவைத் திறந்தார். "அந்த ரெஜிஸ்டரை வரவழைக்கச் சொல்லிக் கேட்போம். சம்பளச் சீட்டு?"

சீட்டில் அரைநாள் கூலி பிடித்திருந்தார்கள். விளக்கம் கேட்டார்களா, முன்னால் நோட்டீஸ் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, இல்லை. அதையும் எழுதினார். தப்பாகத் தைத்த சட்டையைக் கழுத்தில் மாட்டி, லைனில் தைப்பவர்கள் எல்லார் முன்னாலும் ஸ்டூலில் ஏற்றினான் என்பதையும் பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கினார்.

"அப்ப என்ன சொன்னான்? சொன்ன வார்த்தை அப்படியே வேணும்."

அவள் தரையைப் பார்த்தாள். செயலாளர் தாளை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். இந்த மாதத்தை முடித்து அடுத்த மாதத்துக்கும் போனார். தாளைத் திரும்ப வாங்கியபோது இரண்டே வரி இருந்தது. படித்தார். தாளை மடித்துப் புகாருக்கு அடியில் வைத்தார்.

"சாட்சி?"

"எல்லாரையும் ஊசியப் பாக்கச் சொன்னான். யாரும் என்னைப் பாக்கல."

"நான் பாத்தேன்," என்றாள் அண்ணி. "காதுலயும் விழுந்துச்சு. என் பேரப் போடுங்க."

"அண்ணி, உங்களையும் ஸ்டூல்ல ஏத்திடுவான்."

"ஏத்தட்டும். எத்தனை நிமிஷம்னு நான் மணி பாத்துக்கறேன்."