காரத் தொட்டியில் ரெண்டு செட்டு

நாற்பத்தொரு வருஷத்தில் நான் நீராவியில் வேகவைத்த கத்தரிக்கோல்களை வரிசையாக அடுக்கினால் பாபநாசத்தில் தொடங்கி தாமிரபரணிக் கரையோடு புன்னைக்காயல் வரைக்கும் போகும். இரண்டு கரையிலும். அரசு ஆஸ்பத்திரியில் ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டில் பதினோரு நாள்தான் உட்கார்ந்தேன், பன்னிரண்டாம் நாள் என் சம்சாரமே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டாள். அங்கேயும் அதே வேலை. ஆபரேஷன் கருவிகளைக் கிருமி நீக்கும் அறைக்கு நான்தான் தலைவன். எனக்குத் தெரியாமல் ஒரு கிருமி அந்த வாசலைத் தாண்டினால் என் பேர் வைத்தியலிங்கம் இல்லை என்று சொல்லித் திரிந்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்தப் பேர் போச்சு.

நரம்பு டாக்டர் ரீபா ஓடி வந்தார். அமைதியான பிள்ளை, ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணாச்சி, வியாழக்கிழமை பேச்சிராஜுக்கு மூளையில சதை எடுத்தாங்கல்லா, அந்தக் கருவியெல்லாம் எங்க?"

பேச்சிராஜ் சேரன்மகாதேவி வாழை விவசாயி. ரெண்டு மாசத்தில் மகள் பேரை மறந்து, தட்டு விழுந்தால் உடம்பே தூக்கிப்போடும் நிலைக்கு வந்துவிட்டவர்.

"கழுவி, நீராவியில வச்சு, செட்டுல சேத்தாச்சு. என்ன விஷயம்?"

"பெங்களூர்ல இருந்து முதுகுத்தண்டு நீர் முடிவு வந்துட்டு. பிரியான்."

கையில் இருந்த டீயை நான் குடிக்கவில்லை, கீழேயும் போடவில்லை. பிரியான் என்றால் மூளையைச் சல்லடையாக அரிக்கும் நோய், நாங்கள் வழக்கமாக வைக்கும் நீராவிக்கு மசியாதது.

"சந்தேகம் இருந்தா முன்னாடியே சொல்லணும்லா?"

"பத்து நாள் முந்தியே கேஸ் ஷீட்டுல எழுதிட்டேன். முடிவு வர்ற வரைக்கும் மூளையைத் தொடாதீங்கன்னு சர்ஜன் செந்தில்முருகன் டாக்டர்கிட்ட நேர்லயும் சொன்னேன். அவர் புற்றுக்கட்டின்னு அடிச்சுச் சொல்லிட்டு எடுத்துட்டார்."

எடுத்தவர் எங்களுக்கு எச்சரிக்கையாக ஒரு சீட்டு அனுப்பவில்லை. ஒரு சீட்டு! வந்த கோபத்தில் என் தலைமேல் இட்லிச்சட்டியை வைத்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே பலகாரம் ஆகியிருக்கும்.

எட்டரைக்கு அடுத்த ஆபரேஷன். காயல்பட்டினம் ஹமீது பீவி. கண் நரம்பை அழுத்தும் கட்டி, பார்வை நாளுக்கு நாள் மங்குகிறது. தலை மழித்து, மயக்க மருந்துக்குக் காத்திருந்தார். அவர் தலையைத் திறக்க வேண்டிய செட் என் மேசையில், கறுப்புக் கோடு விழுந்த நாடாவோடு ஜம்மென்று இருந்தது. அந்த நாடாவைப் பார்த்தால் உலகமே நம்பும். அதற்குச் சூடு பட்டது மட்டும்தான் தெரியும்.

நர்ஸ் பிரிஸில்லாவைக் கூப்பிட்டேன்.

"வியாழன் சாயங்காலம் என்ன செஞ்சீங்க? விட்டுப்போகாம சொல்லும்மா."

"வழக்கம்போலத்தான் சார். கடைசி கேஸ்னால ராத்திரி முழுக்க ஃபார்மலின் பெட்டியில வச்சோம். வெள்ளிக்கிழமை ரெண்டு தலைச் செட்டையும் ஒரே தொட்டியில கழுவினோம். ஒண்ணுல ரெண்டு கவ்வி குறைஞ்சுது, மத்ததுல இருந்து எடுத்து நிரப்பினோம்."

அவள் கண் என் தலைக்கு மேலே சுவரில் இருந்த பலகைக்குப் போயிற்று. 'கடைசி கேஸ் கருவிகள் இரவு முழுவதும் ஃபார்மலின் பெட்டியில்.' நீலப் பெயிண்டில், என் கையெழுத்தோடு. பெரிய கண்டுபிடிப்பு என்று நானே எழுதி மாட்டியது.

பிரியானை ஃபார்மலின் கொல்லாது. புரதத்தை இரும்போடு இறுக்கி ஒட்டவைத்து, பிறகு வரும் சூட்டுக்கும் அசையாதபடி ஆக்கிவிடும்.

செந்தில்முருகன் டாக்டர் பச்சை உடுப்போடு வந்தார்.

"அண்ணாச்சி, பேஷண்ட் உள்ள வந்தாச்சு. இன்னொரு தடவை நீராவியில போட்டுத் தாங்க. ரெண்டு மடங்கு நேரம் வையுங்க, போதும்."

"போதாது, டாக்டர்."

"அப்ப ரெண்டாவது செட்டைக் குடுங்க."

"ரெண்டும் ஒரே தொட்டியில குளிச்சாச்சு. கவ்வியும் கை மாறியாச்சு. எது எந்தத் தலைக்குள்ள போச்சுன்னு சாமி வந்தாலும் சொல்ல முடியாது."

"ஆயிரத்துல ஒரு வாய்ப்பு கூட இருக்காதுவே!"

மரியாதை இறங்கி, அண்ணாச்சி 'வே' ஆகிவிட்டார். சரி.

"அந்த ஒண்ணு உங்க அம்மான்னா திறப்பீரா?"

"நீங்க டெக்னீசியன். முடிவெடுக்கிறது நான்."

அவர் மேலாளரைப் பார்க்கக் கிளம்பினார். நான் கையுறையும் கண்ணாடியும் மாட்டினேன். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு நாற்பது கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கரைந்ததும், வழியாமல் இருக்கக் கொஞ்சத்தை வாளியில் மொண்டு வைத்துவிட்டு, ரெண்டு செட்டையும் பிரித்து உள்ளே தள்ளினேன். தொண்ணூற்றாறு கருவிகள். மூழ்கின சத்தம் தாழையூத்து வரைக்கும் கேட்டிருக்கும். இனி யார் கையெழுத்துப் போட்டாலும் இன்றைக்கு அந்தத் தலை திறக்காது.

மேலாளரோடு திரும்பி வந்த டாக்டர் தொட்டியைப் பார்த்துப் போட்ட கூச்சலை நான் எழுதினால் தாள் கிழியும்.

"ஒரு மணி நேரம் ஊறட்டும்" என்றேன். "அப்புறம் நூத்தி முப்பத்தி நாலு டிகிரியில பதினெட்டு நிமிஷம். அதுக்கும் அப்புறம் அத்தனையையும் எரிக்க அனுப்பணும். மூளைக்குள்ள போன இரும்பை நான் நம்ப மாட்டேன்."

கூச்சல் கேட்டு ஹமீது பீவியின் மகன் பீர் மைதீன் உள்ளே வந்துவிட்டான். துபாயில் இருந்து இதற்காகவே லீவில் வந்தவன். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"உம்மாவைப் பட்டினி போட்டு, தலையை மழிச்சு, இப்ப முடியாதுன்னா என்ன காக்கா? நேத்து பக்கத்துல இருக்கிற என் மொகமே தெரியலேங்கிறா! என்ன கிருமி அது, கொல்ல முடியாத கிருமி?"

"கிருமியே இல்ல, தம்பி. உயிரே கிடையாது. அதான் கொல்ல முடியல."

ஆபரேஷன் துணி ரெண்டை எடுத்து மேசையில் விரித்து, ஒன்றை நேராக மடித்தேன்.

"நம்ம எல்லார் மூளையிலயும் இந்தப் புரதம் இருக்கு. உன் உம்மாட்டயும் இருக்கு. இப்படி மடிஞ்சிருந்தா ஒரு தொந்தரவும் இல்ல." மற்றதைக் கோணலாக மடித்தேன். "இது கெட்டது. துணி அதேதான், நூலும் அதேதான், மடிப்புதான் வேற. நல்லது போய் இதுல ஒட்டிச்சுன்னா, தன் மடிப்பை விட்டு இதோட மடிப்புக்கு மாறிரும். அதுல அடுத்தது, அதுக்கு மேல அடுத்தது. அடுக்கு நீளும். நீண்டது உடையும். உடைஞ்ச ஒவ்வொரு துண்டும் புதுசா ஒட்டவச்சுக்கிட்டுப் போவும்."

"முந்தி இந்தக் கருவி பட்ட பேச்சிராஜ் பக்கத்துல உட்காந்தா, தொட்டா ஒட்டாது" என்றார் ரீபா. "மூளைக்குள்ள போன கருவி அடுத்த மூளைக்குள்ள போனாத்தான் பயம். பெங்களூர்லயும் இதை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. நல்ல புரதத்துல அவர் முதுகுத்தண்டு நீரைச் சொட்டுவிட்டுக் குலுக்கினாங்க. நல்லதெல்லாம் மடிப்பு மாறி, அதுல கலந்த சாயம் ஒளிர்ந்துது."

"உம்மாவுக்குப் போயிருந்தா எப்பத் தெரியும்?"

"அஞ்சு வருஷம், பத்து வருஷம், இருபதும் ஆகலாம். தெரிஞ்ச பிறகு மருந்து கிடையாது" என்றார் ரீபா.

பீர் மைதீன் கோணல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு செந்தில்முருகன் டாக்டரிடம் திரும்பினான்.

"இது தெரிஞ்சும் திறக்கப் பாத்தியளா?"

டாக்டர் நாகர்கோவிலில் உள்ள நண்பருக்குப் போன் போட்டு ஒரு செட் கேட்டார். புதன்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவாயிற்று. ரெண்டு நாள் மங்கும் பார்வைக்கு யார் பொறுப்பு என்று பீர் மைதீன் கேட்டான்.

வியாழனுக்கும் இன்றைக்கும் நடுவில் வேறு யார் தலையும் திறக்கவில்லை என்பதைப் பதிவேட்டில் மூன்று தடவை பார்த்து உறுதி செய்தேன். தவறு அறிக்கையை ரீபா நீட்டினார். டாக்டர் வாங்கி, 'நர்ஸின் கவனக்குறைவு' என்று எழுத ஆரம்பித்தார். பேனாவைப் பிடுங்கினேன்.

"எச்சரிக்கையை மறைச்சது நீர். ஃபார்மலின் பெட்டியில வச்சது என் உத்தரவு. அந்தப் பிள்ளை சுவத்துல எழுதியிருந்ததைச் செஞ்சுது. அதை எழுதும்!"

அடித்து, திருத்தி எழுதினார். கீழே அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என்னுடையது.

வாளியில் கருவி படாத காரக் கரைசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பலகையைக் கழற்றித் தரையில் வைத்து ஊற்றித் தேய்த்தேன். நீலப் பெயிண்ட் சுருண்டு சுருண்டு உரிந்தது. கையெழுத்து மட்டும் சீக்கிரம் போகவில்லை.

"பைய சார், கையில பட்டுரும்" என்றாள் பிரிஸில்லா.

இன்னொரு குவளை ஊற்றச் சொன்னேன்.