மூலை தொட்டால் கரை ஆகாது

திரையில் பதினொன்று என்ற எண் வந்ததும் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையே கைதட்டியது. வெள்ளம் சூழ்ந்து ஆட்கள் மாட்டிக்கொண்ட தீவு பதினொன்று, கையில் இருந்த படகும் பதினொன்று. தலைக்கு ஒன்று. இப்படிப்பட்ட பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது.

"பட்டாசு, நீ நல்லா இருக்கணும்மா" என்றார் படகு சார். படகுகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகத்தில் முதல்முறையாகப் பல் தெரிந்தது.

பட்டாசு என்பது அவள் வைத்துக்கொண்ட பெயர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, "உங்க வீட்ல நீதான் முதல்ல காலேஜ் போனவளா? பேச்சுலயே தெரியுது" என்று ஒருவர் சிரிக்க, "உங்க வீட்ல எத்தனாவது தலைமுறை சார் மரியாதை கத்துக்கும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அன்றிலிருந்து பட்டாசு. பெயர் பொருந்தித்தான் இருந்தது, அதனால் அதற்காகச் சண்டை போடவில்லை.

அவள் செய்தது இதுதான். மேலே பறந்த ட்ரோன் எடுத்த படத்தை, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாக அறுத்தாள். தரை தெரிந்தால் ஒன்று, தண்ணீர் என்றால் பூஜ்யம். படத்தின் ஓரங்களில் நாலு பக்கமும் மேட்டுச் சாலை. அந்தச் சாலையில் நிற்கிறவர் நடந்தே ஊர் போய்ச் சேரலாம். ஆகவே முதலில் ஓரத்துத் தரைக் கட்டங்களிலிருந்து ஆரம்பித்து, பக்கத்துத் தரை, அதன் பக்கத்துத் தரை என்று தொட்டுக்கொண்டே போய், எட்டியதையெல்லாம் 'கரை' என்று குறித்துவிடும் அவள் எழுதிய கணினி நிரல். மீதியை இடமிருந்து வலம், வரி வரியாகப் பார்க்கும். இதுவரை தொடாத தரைக் கட்டம் ஒன்று கிடைத்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டும். பிறகு அந்தக் கட்டத்தை ஒரு வரிசையில் நிறுத்தும். முன்னால் நிற்பதை எடுத்து, அதன் அக்கம்பக்கத்துத் தரைகளை 'பார்த்தாச்சு' என்று குறித்து, வரிசையின் கடைசியில் சேர்க்கும். வரிசை காலியானால் ஒரு தீவு முழுசாக முடிந்தது என்று அர்த்தம். சேர்க்கும்போதே குறித்துவிடுவதால் ஒரே கட்டம் இரண்டு முறை வரிசையில் நிற்காது. ரேஷன் கடையில் இந்த ஒழுங்கு இருந்தால் எவ்வளவோ நல்லது.

கைதட்டல் ஓய்ந்து, எங்கே படகு வரும், எங்கே வராது என்ற அறிவிப்பு ஊருக்குள் போன அரைமணியில் அவள் போன் அடித்தது. அம்மா.

"என்னம்மா, எங்க இருக்க?"

"எங்க இருப்பேன், செங்கல் சூளை மேட்டுல. நேத்து சொன்னேனே. நாங்க இருபத்தாறு பேரு, என் கோழி மூணு."

"கோழியை விட்டுட்டு என் ரூமுக்கு வான்னு போன வாரமே சொன்னேனா இல்லியா?"

"உன் ரூம்ல நீ காலை நீட்டவே இடமில்ல. இதுல கோழி எங்க நிக்கும்? அதை விடு. மைக்ல ஒருத்தன் கத்திட்டுப் போறான், சூளை மேட்டுல இருக்கிறவங்க நடந்தே மேட்டுச் சாலைக்குப் போயிடுங்க, உங்களுக்குப் படகு கிடையாதுன்னு. எப்படிடி நடக்கறது? நடுவுல வாய்க்கால் ஆளை இழுக்குது. ஒரு பாத்திரம் விழுந்துச்சு, கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள காணோம்."

"வாய்க்கால்னா... எவ்வளவு அகலம்?"

"நான் என்ன டேப்பு வச்சுக்கிட்டா நிக்கறேன்? தாண்ட முடியாது. அவ்வளவுதான். சரி, போன்ல சார்ஜ் கம்மி, வைக்கிறேன். நீ சாப்பிட்டியா?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். உயிர் போகும் நேரத்திலும் இந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டாள்.

பட்டாசு படத்தைப் பெரிதாக்கினாள். சூளை மேடு பச்சையாக இருந்தது. பச்சை என்றால் கரை. எப்படிக் கரையாகும்? சுற்றிலும் நீலம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓரம் ஓரமாகத் தேடினாள். தென்மேற்கில் மேட்டின் கடைசிக் கட்டமும் சாலைப் பக்கத்துத் தரைக் கட்டம் ஒன்றும் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு நின்றன. பக்கம் ஒட்டவில்லை. ஊசி முனை அளவுக்கு ஒரு மூலை, அவ்வளவுதான். அந்த மூலையைத் தொட்ட மற்ற இரண்டு கட்டமும் தண்ணீர்.

நிரலைத் திறந்தாள். பக்கத்துக் கட்டங்கள் என்ற பட்டியலில் எட்டுத் திசை இருந்தது. மேல், கீழ், இடம், வலம், கூடவே நாலு மூலை.

நாலு மாதத்துக்கு முன்பு ஏரியில் ஆகாயத்தாமரை எத்தனை திட்டாகப் படர்ந்திருக்கிறது என்று எண்ண எழுதிய நிரல் அது. செடிக்கு மூலை என்ன, பக்கம் என்ன? மூலையில் தொட்டாலும் அது ஒரே படர்த்திதான். அங்கே எட்டுத் திசை சரி. அந்தப் பத்தியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டினாள். செடி தாவும். ஆள் தாவுவானா?

மூலைகளை அழித்தாள். நாலு திசை. ஓடவிட்டாள்.

பதினேழு.

பக்கத்து மேசையில் ட்ரோன் படங்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே படமாகத் தைத்துக்கொண்டிருந்த படம் அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, குட்டி போட்டுடுச்சா?"

"நான் தப்பு பண்ணிட்டேன்க்கா."

"நீயா? சத்தமா சொல்லு, எழுதி வச்சுக்கறேன்" என்றவள், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

படகு சாரிடம் சொன்னபோது அவர் பல் மறுபடி மறைந்துவிட்டது. "பதினொன்னுன்னு மேல சொல்லிட்டேன். ஆளுக்கொரு படகு பிரிச்சாச்சு. இப்ப வந்து ஆறு கூடன்னா? நாலு தீவு ரெண்டு ரெண்டா பிரிஞ்சுதாம், கரைன்னு சொன்ன ரெண்டு இடம் தீவாம். என்ன விளையாட்டா?"

"விளையாட்டில்ல சார். என் தப்பு."

"சூளை மேடும் இப்ப தீவாயிடுச்சா?" அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "உங்கம்மா அங்கதானே இருக்காங்க?"

அவள் காது சூடானது. வழக்கமாக இந்த இடத்தில்தான் வெடிப்பாள். இந்த முறை நாக்கைக் கடித்துக்கொண்டு, வெள்ளைப் பலகையில் நாலு கட்டம் போட்டாள். எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டுக்கு மட்டும் கறுப்பு பூசினாள்.

"கறுப்பு தரை. வெள்ளை தண்ணி. இதுலேர்ந்து அதுக்குப் போங்க சார்."

அவர் விரலை வைத்து மூலை வழியாக இழுத்தார். "இதோ போயிட்டேனே."

"உங்க விரல் போயிடுச்சு. உங்க கால்? அந்த மூலைக்கு அகலம் எவ்வளவு சார்?"

அவர் விரலை அந்தப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கம்மாவை விடுங்க. நான் பொய் சொல்றேன்னே வச்சுக்கோங்க. மீதி இடத்துல எங்கம்மா இல்லியே. ஒண்ணுல விசாரிங்க."

படம் அக்கா அதற்குள் போனை எடுத்துவிட்டாள். ஏழாம் தீவு என்று முதலில் சொன்னது இப்போது இரண்டாகியிருந்தது: ஒன்றில் பெட்ரோல் பங்க், மற்றதில் ஒரு கிடங்கு. பங்க் மேலாளரின் குரல் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"கிடங்குக்கா? நல்லா கேட்டீங்க. நடுவுல கழுத்தளவு தண்ணி. அங்க ஒன்பது பேரு நிக்கறாங்க. காலையிலேர்ந்து கையாட்டுறாங்க, நானும் ஆட்டுறேன். வேற என்ன பண்ண முடியும்? உங்க படகு வந்து எங்களை மட்டும் ஏத்திட்டுப் போச்சுன்னா, நான் எந்த மூஞ்சியோட அவங்களைப் பார்ப்பேன்?"

படகு சார் விரலை எடுத்தார். அதில் மை ஒட்டியிருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, "மேல நான் பேசிக்கறேன்" என்றார். "பதினொன்னு தப்பு, பதினேழுதான் சரின்னு. திட்டு எனக்கு. வரிசை உனக்கு. படகு பத்தாது, சிலது ரெண்டு நடை அடிக்கணும். எது முதல்ல?"

"சின்னது முதல்ல சார். தண்ணி ஏறுது. சின்னதுதான் முதல்ல முழுகும்."

ஒவ்வொரு தீவையும் நிரப்பிக்கொண்டு போகும்போது எத்தனை கட்டம் என்று எண்ணுவதற்கு அவளுக்கு ஒரே ஒரு வரிதான் கூடுதலாகத் தேவைப்பட்டது. கிடங்கு, நாலு கட்டம். பள்ளிக்கூட மாடிப்படி ஓரம், ஐந்து. பட்டியல் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிக்கொண்டது. சூளை மேடு முப்பத்தொரு கட்டம். இடம், பதினான்கு.

முதல் பதினொன்றில் இல்லை.

அவள் அந்தப் பதினான்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எண்ணை மாற்றினால் போதும். முப்பத்தொன்றை மூன்றாக்க எத்தனை நேரம் ஆகும்? யார் கட்டம் எண்ணப் போகிறார்கள்? படம் அக்கா மெல்ல அவள் தோளில் கை வைத்தாள். அந்தக் கை இருந்தது, அவ்வளவுதான்.

கிடங்கில் ஒன்பது பேர் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பட்டியலை அச்சுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை அழைத்தாள்.

"படகு வரும்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன், சரி பண்ணிட்டேன். ஆனா நீ ரெண்டாவது நடையிலதான்."

"எதுக்கு?"

"உங்க மேடு பெரிசு. சின்ன இடத்துல இருக்கிறவங்க முதல்ல."

போனுக்குள் கோழி கொக்கரித்தது.

"என்னைக் கேட்டா நானே அதான் சொல்லியிருப்பேன்" என்றாள் அம்மா. "பெத்தவளைப் பின்னாடி நிறுத்தறதுக்குத்தான் உன்னைப் படிக்க வச்சேன் போல." குரலில் சிரிப்பு இருந்தது. பிறகு பின்னால் திரும்பி யாரிடமோ, "எம் பொண்ணுதான், வரிசை போடறா!" என்று கத்தியது, கழுத்தில் புதுச் சங்கிலி போட்டுக்காட்டுகிற பெருமையோடு ஒலித்தது.

அடுத்த இரண்டு மணி நேரம் அரைமணிக்கு ஒரு புதுப் படம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து ஓடவிட்டாள். சூளை மேடு இருபத்தெட்டு. இருபத்தாறு. இருபத்திரண்டு. இதற்கு முன்னால் அவள் தன் நிரலை இவ்வளவு வெறுத்ததும் இல்லை, இவ்வளவு நம்பியதும் இல்லை. பத்தொன்பது கட்டமாக இருந்தபோது வயர்லெஸ்ஸில் படகோட்டியின் குரல்: "சூளை மேடு, இருபத்தஞ்சு பேர் ஏத்தியாச்சு. ரெண்டு படகு. கோழியை ஏத்தலாமா சார்? ஒரு அம்மா ஏத்தினாத்தான் ஏறுவேன்னு நிக்குது."

படகு சார் பட்டாசைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏத்துய்யா" என்றார். "அந்தம்மாவோட பொண்ணு பக்கத்துலதான் இருக்கு. எனக்கு உயிர்மேல ஆசை இருக்கு."

சாயங்காலம் அம்மா முட்டிவரை சேறோடு கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தாள். யார் விட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கோழி மூன்றையும் படகு சாரின் மேசைக்காலில் கட்டினாள். மகளின் கன்னத்தை ஈரக்கையால் ஒரு தட்டு தட்டி, "சாப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல."

"தெரியும்." திரையைக் குனிந்து பார்த்தாள். "இதுல எங்க நான் நின்னேன்?"

பட்டாசு காட்டினாள். அம்மா தென்மேற்கு மூலையில் விரலை வைத்தாள். "இந்தா, ரெண்டும் ஒட்டித்தானே இருக்கு?"

பட்டாசுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லாத ஏதோ வந்தது. அம்மாவின் ஈரத்தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஏய், என்னடி, சேறு" என்றாள் அம்மா. ஆனால் நகரவில்லை.