மூன்றில் ஒரு பங்கு

நான் தமிழில் ஃபெயில் ஆனவள். இங்கிலீஷில் பாஸ், கணக்கில் பாஸ், சமூக அறிவியலில் அறுபது. தாய்மொழியில் முப்பத்திரண்டு. மூன்று மார்க் போதவில்லை. ஊரில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பாவம் என்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைவிட அந்தப் பாவம்தான் பற்றிக்கொண்டு வரும்.

பெங்களூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த சான்றிதழ் ஜனவரிக்குள் வர வேண்டும். அக்டோபரில் தமிழ் மட்டும் மறுபடி எழுதலாம். அதிலும் போனால் இடம் வேறொருத்திக்கு. அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை வேண்டுமானால் தருகிறோம் என்று அங்கே பொறுப்பிலிருந்த மதர் சொல்லியிருந்தார். தரையைத் துடைக்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் பதினோரு வருஷம் படித்துவிட்டு, கூடப் படித்தவள் ஊசி போட, நான் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்க மாட்டேன். மாட்டேன் என்றால் மாட்டேன்.

ரிசல்ட் வந்த மறுநாளே ஓசூருக்குப் போய் ஜெபசீலி டீச்சரின் வீட்டு வாசலில் நின்றேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர் அவர்.

"சுருக்கி வரைதல்ல என்ன எழுதின?" என்று கேட்டார்.

ஒரு பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கும் கேள்வி அது. ஒப்பித்தேன். பரீட்சையில் எழுதியதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு ஞாபகம். டீச்சர் கேள்வித்தாளை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"மேரி, இது நீ எழுதினது இல்ல. பத்தியில முதல் வரி, நாலாவது வரி, கடைசி வரி. அப்படியே பேத்தெடுத்து வச்சிருக்க. இதுக்கு யாரு மார்க் போடுவாங்க? பதினஞ்சுல ரெண்டு கெடச்சிருந்தா பெருசு."

"மூணுல ஒரு பங்கு இருக்குதே டீச்சர்."

"அளவு இருக்கு. நீ எங்க இருக்க?"

கோபத்தோடு வீடு திரும்பினேன். அவர்மேல் இல்லை. பிறகு யார்மேல் என்று வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. அப்பா மேல்.

அப்பா சகாயநாதன் எங்கள் கோவிலில் உபதேசியார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இருக்கிறபடியே வர வேண்டும். 'ஆகையால்' என்ற இடத்தில் 'அதனால்' என்று சொன்னால் முட்டி போட வேண்டியதுதான். நான் நாலு வயதில் தொடங்கி ஒரு நாள்கூட முட்டி போடாதவள். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் பூசை மந்திரங்கள் எல்லாம் புது வார்த்தைகளில் அச்சாகி வந்தபோது மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்த மனிதர் அவர்.

என் சுருக்கப் பயிற்சியைத் திருத்தியதும் அவரேதான். பத்தியை இடது பக்கம் வைத்துக்கொள்வார், என் நோட்டை வலது பக்கம். மூலத்தில் ஒரு விரல், நோட்டில் ஒரு விரல். பத்தியில் இல்லாத சொல் ஒன்றைக் கண்டால் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி. குறியே இல்லாத பக்கம் என்றால் "சபாஷ்" என்பார். அந்த சபாஷை வாங்கி வாங்கித்தான் நான் ஃபெயில் ஆனேன்.

"சொந்த வார்த்தையில எழுதணுமாம்ப்பா" என்றேன்.

"எழுதினவரு ஒண்ணு சொல்லியிருக்காரு. அதை மாத்தறதுக்கு நாம யாரு?" என்றார். அதோடு முடிந்தது.

ஜூன் முழுக்க மல்லுக்கட்டினேன். முதல் தடவை முழுதாகப் படி, இரண்டாவது தடவை மையக் கருத்தைத் தேடு, உவமையை விடு, உதாரணத்தை விடு, சொன்னதையே திருப்பிச் சொல்லியிருந்தால் விடு. டீச்சர் சொன்னது அத்தனையும் தெரியும். பேனாவை எடுத்தால் மூலத்தின் வரிதான் முன்னால் வந்து நிற்கும். இரண்டு தரம் படித்தால் எனக்கு மனப்பாடம் ஆகிவிடும். மறக்கத் தெரியாதது ஒரு வியாதி என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த நாட்களில் திம்மராயன் தோட்டத்தில் முசுக்கொட்டை இலை பறிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பட்டுப்புழு வளர்ப்பவர். என்னோடு பறித்தவள் கெம்பம்மா, ஆனேக்கல்லில் இருந்து எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்து இரண்டு மாதம் ஆனவள். தமிழ் ஒரு வார்த்தை வராது. எனக்கு இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வருகிற அளவுக்குக் கன்னடம் வரும். சந்தையில் பேசலாம், சண்டை போடலாம், அவ்வளவுதான்.

ஒரு நாள் இடுப்பில் செருகியிருந்த என் புத்தகத்தைப் பார்த்து, "அதில் என்னதான் இருக்கிறது?" என்று கன்னடத்தில் கேட்டாள். அன்றைக்குப் படித்த பத்தி ஓர் ஏரியைப் பற்றியது. சொல்லத் தொடங்கினேன். 'ஊருக்கு அமுதூட்டும் அன்னையாம் ஏரி' என்று முதல் வரி. அமுதூட்டுவதற்கு எனக்குக் கன்னடத்தில் வார்த்தை கிடையாது. விட்டுவிட்டேன். 'வானம் பொய்ப்பினும் தான் பொய்யா' என்று அடுத்தது. அதையும் விட்டேன்.

"ஓர் ஊரில் ஏரி இருந்தது. யாரும் தூர் வாரவில்லை. தண்ணீர் நிற்கவில்லை" என்றேன்.

"ஆமேலே?" என்றாள். அப்புறம் என்கிறாள்.

"இருந்த கொஞ்சம் தண்ணீருக்கு அடித்துக்கொண்டார்கள்."

"ஆமேலே?"

ஒருவர் ஒரு கூடை மண் சுமந்த கதை, அவர் தலைப்பாகை, அதைப் பார்த்துக் கிழவி ஒருத்தி அழுதது என்று பத்தி அரைப்பக்கம் போகும். தலைப்பாகைக்கு வந்தபோதே கெம்பம்மா, "சாகு, சாகு! ஏரி என்ன ஆயிற்று?" என்றாள். போதுமாம்.

"எல்லாரும் சேர்ந்து வாரினார்கள். தண்ணீர் நின்றது. சண்டையும் நின்றது."

"இதற்கா இவ்வளவு பெரிய புத்தகம்!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்தேன். அவளிடம் சொன்னதை, இடையிடையே கொஞ்சம் கூட்டித் தமிழில் எழுதினேன். வரி வரியாக வந்தது. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தாறு சொல். மூலம் நூற்று நாற்பது. தலைப்பு வைத்தேன்: 'ஒற்றுமையால் நிறைந்த ஏரி'.

அன்று சாயங்காலம் அப்பா சிவப்புப் பென்சிலை எடுத்தார். குறி, குறி, குறி. கோபத்தில் பென்சில் முனை உடைந்தது. "பாதிக்கு மேல புத்தகத்துல இல்லாத வார்த்தை. என்னம்மா ஆச்சு உனக்கு?"

அந்த நோட்டை மறுநாளே டீச்சரிடம் காட்டினேன். பதினைந்துக்குப் பதினொன்று போட்டார். "இந்தச் சிவப்பு யாரு போட்டது?" என்று மட்டும் கேட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

அப்புறம் மூன்று மாதமும் அதுதான் வழி. இலை பறிக்கும்போது கெம்பம்மாவுக்குச் சொல்வேன். அவள் 'ஆமேலே' என்ற இடமெல்லாம் வைத்துக்கொள்வேன், 'சாகு' என்ற இடமெல்லாம் வெட்டுவேன். எழுதியதை அப்பாவிடம் கொடுப்பேன். சிவப்பு குறைந்தால் திரும்ப எழுதுவேன். பாவம், தன் மகள் கெட்டுப்போகிறாள் என்று வருத்தப்பட்டபடியே அவர் எனக்கு உதவிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஒரே ஒரு குறை மட்டும் போகவில்லை. வாய் சும்மா இருக்காது. கருத்துப் பிடிக்கவில்லை என்றால் நடுவில் என் கருத்தை நுழைத்துவிடுவேன். "அவரு சொன்னது மட்டும். உன் அபிப்பிராயத்தை யாரும் கேக்கல" என்று டீச்சர் அதற்குத் தனியாக இரண்டு மார்க் வெட்டுவார்.

அக்டோபரில் பரீட்சை கிருஷ்ணகிரியில். முதல் பஸ்ஸில் அப்பாவும் கூட வந்தார். பரீட்சை மண்டபத்தில் கேள்வித்தாளைத் திருப்பினேன். சுருக்கி வரைக என்பதற்குக் கீழே பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுப்புழு வளர்ப்பு! நான் விடிந்ததும் முகத்தில் விழிக்கிற விஷயம்.

படித்தேன். குறைந்த முதலீடு, பெண்கள் வீட்டிலிருந்தே செய்யலாம், எல்லாம் சரி. நடுவில் ஒரு வாக்கியம் இடித்தது. மழையில் நனைந்த இலையையும் புழு விரும்பி உண்ணும், ஆதலால் மழைக்காலத்திலும் தொழில் தடைபடாது என்று எழுதியிருந்தார் அந்த மகானுபாவர். ஈர இலையைப் போட்டால் புழுவுக்கு நோய் வந்து தட்டுத் தட்டாகச் சாகும். மழை நாளில் இலையைத் துடைத்து உலர்த்தி என் விரலெல்லாம் வெளுத்திருக்கிறது. எழுதியவர் ஒரு நாள் புழு வீட்டுக்குள் கால் வைத்தவர் இல்லை.

முதல் பிரதியில் என் பேனா தானாகவே எழுதியது: 'ஈர இலை புழுவுக்கு ஆகாது; உலர்த்திய பின்பே இட வேண்டும்.' அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது உண்மை. அடிக்க மனம் வரவில்லை. ஆனால் இது என் கட்டுரை அல்ல, அவருடைய சுருக்கம். என் வார்த்தையில் அவர் பேச வேண்டும். அவர் வாயில் என் பேச்சைத் திணிக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியைக் குறுக்கே அடித்தேன். 'இலை நனைந்தாலும் உணவாகும் என்பதால் இத்தொழில் மழையிலும் நிற்காது' என்று எழுதினேன். சொல்லை எண்ணினேன். நாலு கூடுதல். அடைமொழிகளைக் கிள்ளினேன். தலைப்பு வைத்து, நல்ல பிரதி எடுத்தேன். மணி அடித்தது.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார். வேறு பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். விடை பார்க்க என் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு போனார். அப்பா பஸ் ஸ்டாண்டில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"தாளைக் கொடு. அந்தப் பத்தி என்னன்னு பாக்கலாம்." சட்டைப்பையில் சிவப்புப் பென்சிலைக் கொண்டுவந்திருந்தார்!

"டீச்சர் கிட்ட இருக்குதுப்பா."

கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். என் வயதுக்கு அவர் கையில் மூலம் இல்லாமல் நான் பாடம் சொன்னதே இல்லை. "சரி, சொல்லு" என்றார்.

சொன்னேன், என் பேச்சில். ஈர இலைக்கு வந்தபோது நிறுத்தி, "அது தப்புப்பா. ஈர எலை போட்டா புழு செத்துடும்" என்றேன்.

"தப்புன்னு தெரியுமில்ல? சரி பண்ணி எழுதினியா?"

"இல்லப்பா. அவரு சொன்னதைத்தான் எழுதினேன். வார்த்தைதான் என்னுது."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓசூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கத்தினார். அப்பா எழுந்திருக்கவில்லை.

"தெரிஞ்சும் மாத்தலையா?"

"மாத்தலை."

பென்சிலைப் பையிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டார். பஸ் போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான். அவருக்கு அது தெரியும்.

"அப்புறம்?" என்றார் அப்பா. "மீதியும் சொல்லு."

ரிசல்ட் டிசம்பரில் வந்தது. ஐம்பத்திரண்டு.