அனைத்து ஊழியர்களுக்கும்

அந்த மின்னஞ்சலை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒன்பது முதல் ஐந்தரை வரை இருந்த வேலை நேரம் இனி எட்டு முதல் நாலரை வரை. காரணம், சரக்கை ஏற்றிப்போகும் கூரியர் வண்டி அடுத்த மாதத்திலிருந்து ஐந்து மணிக்குப் பதில் நாலு மணிக்கே வந்துவிடும். ஒன்றாம் தேதியிலிருந்து பதினான்கு வரை பழைய நேரம், புது நேரம் எதில் வேண்டுமானாலும் வரலாம். பதினைந்திலிருந்து எல்லாரும் எட்டு மணி; மூன்று நாள் தாமதமானால் எச்சரிக்கைக் கடிதம். வீட்டில் சிரமம் உள்ளவர்கள் பத்தாம் தேதிக்குள் எனக்கு எழுதினால் பழைய நேரத்திலேயே தொடர அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

மேலாளர் படித்துவிட்டு, "ஒரு சந்தேகம் கேட்க இடமில்லாம எழுதியிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எனக்கு முன்னால் இந்த நிர்வாக அலுவலர் நாற்காலியில் இருந்தவர் எந்த அறிவிப்பையும் அச்செடுத்து, வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மேலே ஒரு பலகையில் குத்துவார். அப்புறம் டீ அறைக்குப் போய் ஒரு தரம் சத்தமாகப் படித்துக் காட்டுவார். நான் வந்த முதல் வாரமே அந்தப் பலகையைக் கழற்றிக் கிடங்கில் போட்டேன். "இந்தக் காலத்துல எவன் சார் பலகையைப் பார்க்கிறான்?" என்று வேறு சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பத்தாம் தேதி வரை நாலு பேர் எழுதினார்கள். நாலு பேருக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். "மத்த எல்லாருக்கும் சம்மதம் சார், ஒருத்தர்கூட மறுப்புச் சொல்லலை" என்று மேலாளரிடம் பெருமையாகச் சொன்னேன். அனுமதிப் பட்டியலை மூடிவிடச் சொன்னார். மூடினேன்.

பதினைந்தாம் தேதி காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க, டீ அக்கா வந்தாள். அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, ஐம்பது பேருக்கு இரண்டு வேளை டீ போடுகிறவள். இயந்திரத்தில் விரலை வைத்தாள். தாமதம் என்று சிவப்பாக வந்தது. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"என்ன சார், மெஷின் கோளாறா?"

"நேரம் மாறிடுச்சே அக்கா. இன்னையிலேர்ந்து எட்டு மணி."

"ரெண்டு வாரமா ஆளாளுக்கு ஒரு நேரத்துல வந்தாங்க, என்னமோ அவசர வேலைன்னு நெனச்சேன்." அவள் முகம் விழுந்துவிட்டது. "எட்டு மணிக்கு எப்படி சார்? மாமியார் படுத்த படுக்கை. நாத்தனார் நைட் டூட்டி முடிச்சு வர எட்டேகால் ஆகும். அதுவரைக்கும் நான் நகர முடியாதே. வேலையை விட்டுடணுமா?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் வாய், என்னைக் கேட்காமலே, "எல்லாருக்கும் மெயில் போட்டிருந்தேனே" என்றது.

"அப்படியா? நான்தான் பார்க்காம விட்டிருப்பேன் சார். மன்னிச்சுக்குங்க."

மன்னிப்புக் கேட்டாள், என்னிடம். நான் தலையாட்டினேன், மன்னித்துவிட்டவன் மாதிரி.

பதினோரு மணிக்கு மேலாளர் அறையில் தாமதப் பட்டியலை வைத்தேன். ஒரே ஒரு பெயர். "மூணு நாள் இப்படி வந்தா எச்சரிக்கைக் கடிதம்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க? ஏன் தேதிக்குள்ள கேட்கலை?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தபோது கதவைத் திறந்துகொண்டு டீத் தட்டோடு அவளே வந்தாள். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

"சார் மேல தப்பில்லைங்க. அவர் மெயில் போட்டாரு. நான்தான் பார்க்கலை."

மேலாளர் நிமிர்ந்தார். "எந்த மெயில்ல பார்ப்பீங்க?"

அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையிடம் விடை கேட்கிற பார்வை. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"அவங்களுக்கு மெயிலே கிடையாது சார்" என்றேன். "நம்ம மெயில் பட்டியல்ல அவங்க பேரே இல்லை. அது எனக்குத் தெரியும். காலையில அவங்ககிட்ட பொய் சொன்னேன்."

மேலாளர் தாமதப் பட்டியலில் இருந்த அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தார். "பழைய நேரத்துலயே வரட்டும். மெயில் இல்லாதவங்களும் அனுமதி கேட்கலாம்னு நீங்க ஒரு திருத்தம் அனுப்புங்க. அச்செடுத்தும் ஒட்டுங்க."

கிடங்கிலிருந்து பலகையை நானே தூக்கி வந்து மாட்டினேன். அன்று மதியம் டீ அறையில் அவள் எதிரே நின்று திருத்த அறிவிப்பைப் படித்தேன். முதல் வரி, 'அனைத்து ஊழியர்களுக்கும்'. அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

"படிங்க சார்" என்றாள், கோப்பைகளைக் கழுவியபடியே. "இந்தத் தடவை நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."